குடும்பப் போட்டோவிலிருந்து பிள்ளைகளுக்குத் தடித்த கோட்டு வண்ணப்படம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போட்டோவைக் கோட்டுப் படமாக மாற்ற போனிலேயே ஆப் இருக்கிறதே. அதில் போட்டு பிரிண்ட் எடுத்தால் போதாதா?

எடுத்துப் பாருங்கள், காரணம் உடனே தெரிந்துவிடும். அந்த ஆப்களில் பல, வெளிச்சம் சட்டென்று மாறும் இடங்களைத் தேடி அங்கெல்லாம் கோடு போடுகின்றன. எது தாத்தா, எது தாத்தாவின் மேல் விழுந்த பனையோலை நிழல் என்று அவற்றுக்குத் தெரியாது. ஆச்சியின் சேலைச் சரிகை நூறு சின்னக் கோடுகளாக வந்து நிற்கும். ஆற்றுத் தண்ணீரின் மினுமினுப்பு முழுக்கக் கீறலாக வரும். ஆனால் தாத்தாவின் வெள்ளைச் சட்டை வெள்ளைச் சுவரோடு சேரும் இடத்தில், நமக்குக் கட்டாயம் வேண்டிய கோடு வரவே வராது.

கோடு மெல்லியதாக இருக்கிறதே என்று அதைத் தடிமனாக்கினால் நிலைமை இன்னும் மோசமாகும். பக்கத்துப் பக்கத்துக் கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி, முகம் கறுப்புத் திட்டாகிவிடும். கம்ப்யூட்டரில் படம் வரையும் Inkscape மென்பொருளில், போட்டோவைத் தானாகக் கோட்டுப் படமாக்கும் Trace Bitmap-உம் இதற்கு அவ்வளவாக உதவாது. வழக்கமான முறையில் ஒரு கோட்டை அது கோடாக எடுக்காமல் இரண்டு கரை உள்ள பட்டையாக எடுப்பதால், பின்னால் அதன் தடிமனை மாற்றுவது பெரும்பாடு.

பிள்ளைக்கான படம் வேண்டுமென்றால் போட்டோவைக் கீழே வைத்து, மேலே நாமே கோடு இழுப்பதுதான் சரியான வழி. இதில் பாதி வேலை வரைவது, மீதிப் பாதி எதை விடுவது என்று தீர்மானிப்பது. அந்தத் தீர்மானத்தை எடுக்க அந்த வீட்டு ஆட்களைத் தெரிந்த ஒருவர் வேண்டும்.

எந்தப் போட்டோவை எடுக்கலாம்? கல்யாணத்தில் எடுத்த குரூப் போட்டோவில் பதினைந்து பேர் இருக்கிறார்கள்.

ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். ஏ4 தாளைப் படுக்கையாக வைத்தால் அகலம் 29.7 செ.மீ. இரு பக்கமும் ஒரு செ.மீ. விட்டால் மீதி 27.7. பதினைந்து பேரை வரிசையாக நிறுத்தினால் ஆளுக்கு இரண்டு செ.மீ. கூடக் கிடைக்காது. அந்த அளவு முகத்தில் தடித்த கோடு போட்ட பிறகு கிரேயான் நுழைய இடமே இருக்காது. நான்கு பேர் என்றால் ஆளுக்கு ஏறத்தாழ ஏழு செ.மீ. வரும், தலைக்கு நான்கு செ.மீ. அகலம் ஒதுக்கலாம். சின்னப் பிள்ளைக்கு அதுதான் வசதி.

ஆகவே நான்கு பேர், மிஞ்சினால் ஐந்து பேர் உள்ள போட்டோவை எடுங்கள். குரூப் போட்டோதான் வேண்டும் என்றால் அதிலிருந்து பிள்ளைக்கு நெருக்கமான நாலு பேரை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளலாம். இரண்டு வரிசையாக நிற்கும் போட்டோவைவிட, ஒருவர் உட்கார்ந்து ஒருவர் நிற்கும் போட்டோ நல்லது. உயர வித்தியாசமே ஆளை அடையாளம் காட்டிவிடும்.

போட்டோ மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை. வாட்ஸ்அப்பில் வந்து தரம் குறைந்திருந்தாலும் சரிதான். நமக்கு வேண்டியது உருவத்தின் ஓரம் மட்டும்.

கோடு எவ்வளவு தடிமன் இருக்க வேண்டும்?

பிள்ளையின் வயதையும் கையில் பிடிக்கும் பொருளையும் பொறுத்தது. நான் வைத்துக்கொள்ளும் அளவு இது: மூன்று வயதுக்கு நான்கு மி.மீ., நாலைந்து வயதுக்கு மூன்று, ஆறேழு வயதுக்கு இரண்டு. எட்டு வயதுக்கு மேல் ஒன்றரை போதும், அந்த வயதுப் பிள்ளைக்குக் குண்டுக் கோடு பிடிக்காது. தடித்த கோடு ஒரு வரப்பு மாதிரி. கிரேயான் கொஞ்சம் ஏறினாலும் கறுப்பு அதை மறைத்துவிடும், பிள்ளைக்குத் தான் சரியாகத் தீட்டிவிட்டதாகத் தோன்றும்.

ஆனால் எல்லாக் கோட்டையும் ஒரே தடிமனில் போடாதீர்கள். ஆளின் வெளிச்சுற்றுக்கு மூன்று மி.மீ. என்றால், சட்டைப் பட்டி, சேலைக் கரை, வாய் போன்ற உள்கோடுகளுக்கு ஒன்றரை வைக்கலாம். அப்போதுதான் எங்கே ஒரு ஆள் முடிந்து அடுத்த ஆள் தொடங்குகிறார் என்று பிள்ளையின் கண்ணுக்குத் தெரியும்.

கூடவே இன்னொரு அளவும் முக்கியம். இரண்டு கோடுகளுக்கு நடுவே ஆறு மி.மீ. வெள்ளை கூடக் கிடைக்காவிட்டால் அவற்றில் ஒன்றை எடுத்துவிடுங்கள். வண்ணம் தீட்டும் கட்டம் எதுவும் ஒரு செ.மீ.க்குக் குறையாமல் இருந்தால் நல்லது. விரல்களைத் தனித்தனியாக வரைந்தால் இந்த அளவு நிற்காது. கட்டைவிரலை மட்டும் பிரித்து, மற்ற நான்கையும் ஒரே வளைவாக விட்டுவிடுங்கள். பிள்ளைகள் அதைக் கையாகத்தான் பார்ப்பார்கள்.

கம்ப்யூட்டரில் எப்படிச் செய்வது? ஒன்றின் மேல் ஒன்றாக ஆட்கள் நிற்கும்போது கோடு எல்லாம் சிக்கிக்கொள்கிறது.

Inkscape-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இலவசம், பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். இதில் கோட்டின் தடிமனை மி.மீ. கணக்கில் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். மூன்று வயதுத் தம்பிக்கும் ஏழு வயது அக்காவுக்கும் ஒரே படத்தை இரண்டு தடிமனில் எடுத்துக் கொடுக்க முடியும்.

சிக்கலுக்கு வருகிறேன். ஆளை ஒரே நீளக் கோட்டால் வரையாமல், அட்டையில் வெட்டிய துண்டுகளாக நினைத்து வரைய வேண்டும். தலை ஒரு துண்டு, முடி ஒரு துண்டு, சட்டை ஒரு துண்டு. ஒவ்வொன்றும் மூடிய வடிவம், உள்ளே வெள்ளை, ஓரத்தில் கறுப்புக் கோடு. முன்னால் இருப்பதை மேலே வைத்தால், பின்னால் உள்ள கோட்டை அதன் வெள்ளை தானாக மறைத்துவிடும். எந்தக் கோட்டையும் அழிக்கவோ, எங்கே நிறுத்துவது என்று யோசிக்கவோ வேண்டாம்.

திருநெல்வேலியில் தாமிரபரணிக் கரையில் உள்ள குறுக்குத்துறைப் படித்துறையில் எடுத்த ஒரு போட்டோவை வைத்துச் சொல்கிறேன். தாத்தா நிற்கிறார், தோளில் துண்டு. ஆச்சி படியில் உட்கார்ந்திருக்கிறார், மடியில் குட்டிப் பையன். பக்கத்தில் பட்டுப்பாவாடையில் ஒரு பெண்பிள்ளை. பின்னால் ஆறும், ஆற்றுக்கு நடுவே பாறைமேல் முருகன் கோயிலும்.

முதலில் Ctrl+I அழுத்திப் போட்டோவைக் கொண்டு வாருங்கள். பக்கத்தை ஏ4 படுக்கையாக வைத்து, போட்டோவை அதற்குள் பெரிதாக்குங்கள். Fill and Stroke பலகத்தை Ctrl+Shift+F அழுத்தித் திறந்து Opacity-ஐ 40-க்குக் குறைத்தால் போட்டோ வெளிறிவிடும், நாம் போடும் கோடு அதன்மேல் நன்றாகத் தெரியும். Layers பலகத்தில் அந்த அடுக்கைப் பூட்டிவிட்டு, கோட்டுக்குப் புதிய அடுக்கு ஒன்று போடுங்கள்.

இப்போது B அழுத்தினால் பேனாக் கருவி வரும். மேலே உள்ள பட்டியில் Spiro முறையைத் தேர்ந்தெடுத்தால், நாம் வைக்கும் புள்ளிகள் வழியாக அதுவே வளைவாகக் கோடு போடும். மவுஸ் பிடித்து வளைவு வரையத் தெரியாதவர்களுக்கு இது பெரிய உதவி. தலையைச் சுற்றி ஆறேழு புள்ளி, கடைசியில் முதல் புள்ளியிலேயே கிளிக், அவ்வளவுதான், வடிவம் மூடிக்கொள்ளும். புள்ளிகளை மிக நெருக்கமாக வைத்தால் கோடு சுருண்டு விளையாடும், கொஞ்சம் தள்ளித்தள்ளி வையுங்கள். படிக்கட்டு, வேட்டி ஓரம் போன்ற நேர்க்கோடுகளுக்குச் சாதாரண முறைக்கு மாறிக்கொள்ளலாம்.

வரையும்போது உள்ளே வெள்ளை நிரப்பாதீர்கள், போட்டோ மறைந்துவிடும். எல்லாம் வரைந்து முடித்த பிறகு, மூடிய வடிவங்களைத் தேர்ந்தெடுத்து Fill-இல் வெள்ளை கொடுங்கள். அடுத்தது அடுக்குவது: Page Up மேலே ஏற்றும், Page Down கீழே இறக்கும். இந்தப் படத்தில் கீழிருந்து மேலாக ஆறு, கோயில், படிக்கட்டு, தாத்தா, பெண்பிள்ளை, ஆச்சி, குட்டிப் பையன் என்று வரும்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆச்சியின் கை குட்டிப் பையனைச் சுற்றிப் பிடித்திருக்கிறது. உடம்பு அவனுக்குப் பின்னால், கை அவனுக்கு முன்னால். ஆச்சியை ஒரே வடிவமாக வரைந்திருந்தால் இது முடியாது. கையைத் தனித் துண்டாக வரைந்து பையனுக்கு மேலே வையுங்கள். அப்படி வைத்தால் தோளுக்குப் பக்கத்தில் கையை வெட்டி ஒட்டியது போல ஒரு கோடு தெரியும். ரவிக்கைக் கையையும் தனித் துண்டாக வரைந்து அந்தக் கோட்டின் மேல் வைத்துவிட்டால், அது ரவிக்கையின் விளிம்பாகவே மாறிவிடும். தாத்தாவின் அரைக்கைச் சட்டைக்கும், பெண்பிள்ளையின் கழுத்துக்கும் இதே வழிதான். உடம்பின் துண்டுகள் சேரும் இடங்களைத் துணியின் ஓரத்தால் மூட வேண்டும்.

கடைசியாக எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, Stroke style பக்கத்தில் தடிமன் மூன்று மி.மீ. கொடுத்து, முனையையும் மூலையையும் உருண்டையாக வையுங்கள். உள்கோடுகளை மட்டும் பிறகு ஒன்றரைக்கு இறக்குங்கள். போட்டோ அடுக்கை மறைத்துவிட்டு PDF ஆகச் சேமித்தால் வேலை முடிந்தது.

வரைந்த பிறகு ஆச்சி மாதிரியே இல்லை, யாரோ மாதிரி இருக்கிறது. முகத்தை எப்படிச் சரி செய்வது?

போட்டோவில் தெரிகிற மூக்குத் தண்டு, கன்னக் கோடு, கண்ணிமை, உதட்டின் இரண்டு ஓரம் எல்லாவற்றையும் வரையும்போதுதான் இந்தச் சங்கடம் வரும். நான்கு செ.மீ. முகத்தில் தடித்த கோட்டில் இவ்வளவையும் போட்டால் ஆளுக்கு இருபது வயது கூடிவிடும். கண்ணுக்கு நான்கு மி.மீ. அளவில் இரண்டு கறுப்புப் புள்ளி, வாய்க்கு ஒரு வளைவு, மூக்குக்குச் சின்னதாக ஒரு கொக்கி. பல் தெரியச் சிரித்திருந்தாலும் பல்லைப் பிரித்து வரைய வேண்டாம், வாயை ஒரு வெள்ளைப் பிறையாக விட்டால் போதும்.

சாயல் முகத்துக்கு வெளியேதான் அதிகம் இருக்கிறது. தலையின் வடிவம், நெற்றியில் முடி தொடங்கும் இடம், கொண்டை உச்சியிலா பிடரியிலா என்பது, தாத்தாவின் மீசை, கண்ணாடி, நெற்றியில் மூன்று கோடு திருநீறு, ஆச்சியின் பெரிய பொட்டு, காது தொங்கும் நீளம். இவற்றில் ஆளுக்கு இரண்டை மட்டும் எடுத்து, உள்ளதைவிடக் கொஞ்சம் பெரிதாகவே வரையுங்கள். பாம்படம் போட்ட பழைய தலைமுறை ஆச்சி என்றால் அந்தக் காதே போதும், வீட்டில் யாரும் தப்பாகச் சொல்ல மாட்டார்கள்.

தலையை உடம்போடு ஒப்பிடும்போது போட்டோவில் உள்ளதைவிடப் பெரிதாக வைக்கலாம். பெரியவரின் உயரம் ஏறத்தாழ ஏழரைத் தலை அளவு இருக்கும். படத்தில் நாலரை ஐந்தாகக் குறைத்தாலும் பிள்ளைகளுக்கு உறுத்தாது, முகத்தில் தீட்ட இடமும் கிடைக்கும். ஆனால் யார் யாரைவிட உயரம் என்பதை மட்டும் மாற்றாதீர்கள். அக்கா தம்பியைவிடக் குட்டையாக வந்தால் பிள்ளை முதலில் அதைத்தான் கேட்கும்.

முடியைக் கறுப்பாக நிரப்பி விடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காது. ஆச்சியின் தலைக்கு வெள்ளையா சாம்பலா ஊதாவா என்பது பிள்ளையின் முடிவாக இருக்கட்டும். மீசை மட்டும் சின்னதாக இருந்தால் கறுப்பாகவே விட்டுவிடலாம்.

பட்டுச்சேலை, நகை, மல்லிகைப்பூ எல்லாம் எவ்வளவு காட்ட வேண்டும்?

சேலைக்கு மூன்று கோடு: தோளிலிருந்து இடுப்புக்குச் சரியும் முந்தானை ஓரம், கரை, காலடி விளிம்பு. மடிப்புகளை விட்டுவிடுங்கள். கரையை மட்டும் ஒரு செ.மீ.க்குக் குறையாமல் அகலமாக்குங்கள், அதற்கு வேறு நிறம் தீட்டுவதில்தான் பிள்ளைகளுக்கு ஆசை. பூவைக் காதோரம் நாலைந்து உருண்டைகளாக வைத்தால் போதும். சங்கிலியை இரட்டைக் கோடாக வரைந்தால் நடுவில் தீட்ட முடியாது, ஒற்றைக் கோடும் அதன் முனையில் ஒரு வட்டமும் நன்றாக இருக்கும்.

பின்னால் தெரிகிற ஆறு, கோயில், மரம் எல்லாவற்றையும் வைக்கலாமா?

ஒன்றை வையுங்கள், மிஞ்சினால் இரண்டு. எந்த இடம் என்று பிள்ளை கண்டுபிடிக்க ஒரே அடையாளம் போதும். குறுக்குத்துறைப் படத்தில் நான் கோயிலின் வெளிவடிவத்தையும் படிக்கட்டின் இரண்டு கோட்டையும் வைத்து, ஆற்றுக்கு மூன்று அலைக்கோடு மட்டும் போடுவேன். அக்கரை மரங்கள், துணி துவைக்கிறவர்கள், மின்கம்பி எல்லாம் போய்விடும்.

செம்மணல் தேரிக்காட்டுப் பக்கம் எடுத்த போட்டோ என்றால் ஒரே ஒரு பனை: நேர்த் தண்டு, மேலே விசிறி மாதிரி ஐந்தாறு ஓலை. ஆனித் தேரோட்டத்தில் எடுத்தது என்றால் நெல்லையப்பர் தேரை முழுக்க வரைய முயலாதீர்கள். அதன் மரச் சிற்பம் எதுவும் இந்தத் தடிமனில் நிற்காது. பெரிய சக்கரம் ஒன்றும், ஆட்கள் கையில் பிடித்த வடமும் போதும், அது தேர் என்று தெரிந்துவிடும்.

பின்னணிக் கோட்டை ஆட்களின் வெளிக்கோட்டைவிட மெல்லியதாக வையுங்கள். அப்புறம், எந்தப் பின்னணிக் கோடும் ஒருவரின் தலை உச்சியைத் தொட்டபடி நிற்கக் கூடாது. கோபுர முனை தாத்தாவின் தலையிலிருந்து முளைத்தது போல வந்தால், கோயிலை இரண்டு செ.மீ. தள்ளி வைத்துவிடுங்கள்.

எங்களிடம் கம்ப்யூட்டர் இல்லை. கையாலேயே செய்ய முடியுமா?

தாராளமாக. ஜெராக்ஸ் கடையில் போட்டோவை ஏ4 அளவில் கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் வெளிச்சம் வரும் ஜன்னல் கண்ணாடியில் அதை டேப்பால் ஒட்டி, மேலே வெள்ளைத் தாளை ஒட்டுங்கள். கீழே உள்ளது தெரியும். பென்சிலால் முன்னால் இருக்கிற ஆளை முதலில் வரையுங்கள், பிறகு பின்னால் இருப்பவரை. இந்த வரிசையில் போனால் கோடு எங்கே நிற்க வேண்டும் என்பது தானாகத் தெரியும்.

பிறகு தாளை மேசையில் வைத்து, உருண்டை முனை பெர்மனென்ட் மார்க்கரால் மேலே இழுங்கள். அடியில் பழைய செய்தித்தாள் போட்டுக்கொள்ளுங்கள், மை கீழே இறங்கும். வேகமாக ஒரே இழுப்பில் போக வேண்டியதில்லை, ஆனால் நடுவில் மார்க்கரை நிறுத்தி வைக்காதீர்கள், அந்த இடத்தில் மை பரவிப் பொட்டாகும். மை காய்ந்த பிறகு பென்சில் கோட்டை ரப்பரால் அழித்துவிட்டு, மூலப்படத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுங்கள்.

ஏ3 தாளில் பெரிதாக வரைந்து ஏ4-க்குக் குறைத்தால் நடுங்கிய கோடுகள் ஓரளவு சீராகத் தெரியும். ஆனால் அப்போது எல்லாம் 71 சதவீதமாகச் சுருங்கும், மூன்று மி.மீ. கோடு இரண்டு மி.மீ. ஆகிவிடும். அதைக் கணக்கில் வைத்து ஆரம்பத்திலேயே தடிமனாக வரையுங்கள்.

தாத்தாவின் பழைய ஸ்டுடியோ போட்டோ கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிறது. அதை எப்படிப் படமெடுப்பது?

சட்டத்திலிருந்து வெளியே எடுக்க வேண்டாம், பழைய போட்டோ கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் கிழிந்துவிடும். திண்ணையிலோ வராண்டாவிலோ நிழலில் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல் எடுங்கள். வானம் கண்ணாடியில் தெரிந்தால் சட்டத்தைக் கொஞ்சம் சாய்த்து வையுங்கள், போனையும் அதே சாய்வுக்குச் சாய்த்துப் பிடியுங்கள். போன் சட்டத்துக்கு நேராக இல்லையென்றால் தாத்தாவின் தலை நீண்டோ குறுகியோ வரும். சட்டத்தின் நாலு ஓரமும் திரையின் ஓரத்துக்கு இணையாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

பிரிண்ட் எடுக்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

திரையில் படத்தைத் தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். எங்கே கறுப்பு அடைசலாகத் தெரிகிறதோ அங்கே கோடு அதிகம். பெரும்பாலும் அது முகமாகவோ, இரண்டு பேரின் கைகள் சேரும் இடமாகவோ இருக்கும். பிறகு படத்தை, பெயர் சொல்லாமல், வீட்டில் வேறொருவரிடம் காட்டி யார் யார் என்று கேளுங்கள். ஒருவரை அடையாளம் சொல்லத் திணறினால் அவருக்கான அடையாளம் போதவில்லை, கண்ணாடியோ துண்டோ சேர்க்க வேண்டும். கோடு சேர்ப்பதற்கு இது ஒன்றுதான் காரணமாக இருக்க வேண்டும்.

எந்தத் தாளில், எந்த பிரிண்டரில் எடுக்கலாம்?

லேசர் பிரிண்டோ ஜெராக்ஸோ எடுங்கள். அதன் மை பொடியை உருக்கி ஒட்டியது, ஈரம் பட்டாலும் கரையாது. வீட்டு இங்க்ஜெட் பிரிண்டில் பல மைகள், ஸ்கெட்ச் பேனாவோ வாட்டர் கலரோ பட்டதும் கரைந்து மஞ்சள் சேலையைச் சாம்பலாக்கிவிடும். கிரேயான் மட்டும் என்றால் இரண்டும் சரி.

கிரேயானுக்கும் கலர் பென்சிலுக்கும் கடையில் வழக்கமாகப் போடும் 70, 75 ஜிஎஸ்எம் தாளே போதும். ஸ்கெட்ச் பேனா அதில் பின்பக்கம் ஊறும், 100 ஜிஎஸ்எம் கேளுங்கள். வாட்டர் கலருக்கு இன்னும் கனமான தாள் வேண்டும், ஆனால் எல்லாக் கடை இயந்திரமும் அதை இழுக்காது, முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைக்கு PDF-ஐ வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் சுருங்கி, கோட்டின் ஓரம் பிசிறும். கோட்டுப் படத்தை மட்டும் அனுப்பினால் போதும், குடும்பப் போட்டோவைக் கடைக் கம்ப்யூட்டரில் விட்டு வர வேண்டிய தேவையே இல்லை.